வேலை பார்த்துக்கொண்டே படித்தது எதற்குச் சான்று?

முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நோக்கக் கடிதம் ஒன்றைத் திருத்தித் தரும்படி ஈரோட்டைச் சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற மாதம் அனுப்பியிருந்தார். மைசூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. மொழியியல் முதுகலை தொலைநிலைக் கல்வியில். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் இரண்டாம் பத்தியைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: “முழுநேர வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றேன். இது என் கட்டுப்பாட்டுக்கும் விடாமுயற்சிக்கும் சான்று.”

“அக்கா, இந்தப் பத்தி நல்லாருக்குதானே?” என்று கீழே ஒரு குறிப்பும் இருந்தது.

இந்தப் பத்தி பலரிடமும் இருக்கிறது. தொலைநிலையில் படித்து ஆய்வுக்கு வர விரும்பும் பெரும்பாலோர் இதே இரண்டு வாக்கியங்களைத்தான் எழுதுகிறார்கள். நானும் அந்த வழியில் வந்தவள்தான். ஊதுவத்தித் தொழிற்கூடம் ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் கணக்கெழுதிக்கொண்டே மொழியியல் முதுகலையை முடித்தேன். எனவே அவருக்கு அனுப்பிய பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். சேர்க்கைக் காலம் நெருங்குகிறது. வேறு சிலருக்கும் உதவக்கூடும்.

முதலில் அந்த வாக்கியத்தின் இலக்கணம். தமிழில் ‘கொண்டே’ என்று முடியும் எச்சம் இரு செயல்கள் ஒரே காலத்தில் நிகழ்வதைக் காட்டும். ஆனால் இரண்டும் சம எடை உடையவை அல்ல. முற்றாக வரும் வினைதான் செய்தி. எச்சம் அதற்குப் பின்னணி. ‘வேலை பார்த்துக்கொண்டே படித்தேன்’ என்பதில் படிப்பு செய்தி. ‘படித்துக்கொண்டே வேலை பார்த்தேன்’ என்றால் வேலை செய்தி. நிகழ்ந்தது ஒன்றுதான்; கேட்பவர் மனத்தில் எது முன்னே நிற்கிறது என்பதுதான் மாறுகிறது. தம்பியின் வாக்கியம் படிப்பை முன்னிறுத்துகிறது, சரி. ஆனால் அடுத்த வாக்கியத்தில் ‘இது சான்று’ என்னும்போது அந்த ‘இது’ எதைச் சுட்டுகிறது? படிப்பையா, வேலையையா, இரண்டும் ஒருங்கே நிகழ்ந்ததையா? ஒருங்கே நிகழ்ந்ததைத்தான் என்பார் அவர். அப்படியானால் அந்த ஒருங்குநிகழ்வு எப்படி இருந்தது என்று கடிதத்தில் எங்கேயாவது இருக்கவேண்டும். இல்லை. வாசிப்பவர் தாமாகவே ஊகித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. தேர்வுக் குழுவினர் ஊகிக்கும்போது விண்ணப்பதாரருக்குச் சாதகமாக ஊகிப்பதில்லை.

அவர்கள் என்ன ஊகிப்பார்கள் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. “ரெகுலரா, கரஸ்ஸா?” என்ற கேள்வியைக் கேட்காத தமிழர் வீடு இல்லை. ‘கரஸ்பாண்டன்ஸ்’ என்ற நீண்ட சொல் தேய்ந்து ‘கரஸ்’ ஆனபோதே ஓர் இளக்காரமும் அதில் ஒட்டிக்கொண்டது. அஞ்சல்வழிக் கல்வி, தொலைதூரக் கல்வி, தொலைநிலைக் கல்வி என்று பெயர் மூன்று முறை மாறியும் பேச்சுவழக்கில் ‘கரஸ்’ அசையவே இல்லை.

மைசூருக்கு இதில் தனி வரலாறு உண்டு. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1969-ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1996-இல் உருவான கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழக வளாகத்தின் பெயர் மானசகங்கோத்ரி; திறந்தநிலைப் பல்கலைக்கழக வளாகத்தின் பெயர் முக்தகங்கோத்ரி. இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டு கங்கோத்ரிகளுக்கும் இடையே உள்ள உண்மையான தூரத்தை நடந்து அளக்க முடியாது என்பது அவ்விரண்டிலும் படித்தவர்களுக்குத் தெரியும்.

பழைய தலைமுறையில் இந்த இளக்காரம் இப்படி இருக்கவில்லை. அன்று தனித்தேர்வராகப் படித்துத் தேறுவது புலமைக்கான வழிகளில் ஒன்று. மு. வரதராசனாரை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராக இருந்தவர். உடல்நலக் குறைவால் வேலையை விட்டார். தாமே பயின்று 1935-இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாகத் தேறினார். பிறகு பள்ளி ஆசிரியர். 1939-இல் பி.ஓ.எல். பச்சையப்பன் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், 1944-இல் தமிழ் வினைச்சொற்களைப் பற்றிய ஆய்வுக்கு எம்.ஓ.எல்.; 1948-இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். மொழியியல் மாணவர்கள் அவருடைய ‘மொழி வரலாறு’ நூலைப் படித்திருப்பார்கள். அவர் பெற்ற பட்டங்கள் ‘ரெகுலரா’ என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பின்னாளில், 1971-இல், அவர் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அந்தப் பல்கலைக்கழகம் எழுபதுகளின் தொடக்கத்தில் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய தொடக்ககால நிறுவனங்களுள் ஒன்று என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

ஆனால் மு.வ.வின் வரிசையில் நான் கவனிப்பது வேறு. 1935, 1939, 1944, 1948. இந்த நான்கு ஆண்டுகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அவர் அப்போது பார்த்த வேலையை எழுதினால் போதும். ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லே வேண்டியதில்லை. நான் தம்பிக்குச் சொன்னதும் இதுதான்: தேதிகளை எழுதுங்கள்.

தேதிகளுக்கு நம் சான்றிதழிலேயே இடம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி விதிமுறைகள், 2017-இல் வந்தவையும் 2020-இல் வந்தவையும், பட்டச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் சில செய்திகளைப் பின்பக்கத்தில் அச்சிடவேண்டும் என்கின்றன. எந்த முறையில் படித்தார், சேர்ந்த தேதி, முடித்த தேதி, கற்போர் உதவி மையங்களின் பெயரும் முகவரியும், தேர்வு மையங்களின் பெயரும் முகவரியும். பெரும்பாலோர் முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்து இணைக்கிறார்கள். சிலர் பின்பக்கத்தை மறைப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ‘தொலைநிலை’ என்ற சொல் அங்கேதான் இருக்கிறது என்பதால். என் கருத்தில் நம் வாதத்துக்கு வேண்டியது முழுவதும் அந்தப் பின்பக்கத்தில்தான் உள்ளது.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரக் கற்றல். பாடநூலைப் படிப்பது, ஒப்படைவு எழுதுவது, நேர்முக வகுப்புக்குச் செல்வது எல்லாம் அதில் அடக்கம். முதுகலை 80 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 2400 மணி நேரம். இரண்டே ஆண்டில், அதாவது 104 வாரத்தில் முடித்தால் வாரத்துக்கு 23 மணி நேரம். மூன்று ஆண்டில் முடித்தால் 15 மணி நேரத்துக்குச் சற்று மேல். நான்கு ஆண்டு என்றால் பதினொன்றரை.

என் வேலை திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பது முதல் மாலை ஆறு. விடியற்காலை நாலரை முதல் ஆறரை வரை படிப்பேன். ஆறு நாளில் 12 மணி நேரம். ஞாயிறு ஆறு மணி நேரம். ஆக வாரத்துக்கு 18. ஆனால் தசராவுக்கும் தீபாவளிக்கும் முன்பாக ஊதுவத்திக்குக் கொள்முதல் குவியும். ஆண்டுக்குப் பத்து வாரம் புத்தகத்தைத் திறக்கவே முடியாது. லாரி ஏறும்வரை வீட்டுக்குப் போகமுடியாது. எனவே முதல் ஆண்டு முடிவிலேயே இரண்டு ஆண்டில் முடியாது என்று தெரிந்துவிட்டது. தாள்களைப் பிரித்து மூன்று ஆண்டுக்குத் திட்டமிட்டேன். மூன்று ஆண்டில் 156 வாரம். பண்டிகைக் கால 30 வாரத்தைக் கழித்தால் 126. வாரத்துக்கு 18 என்றால் 2268 மணி நேரம். குறைந்த நூற்றுச் சொச்ச மணி நேரத்தைத் தேர்வு விடுப்பு நாள்கள் ஏறக்குறைய ஈடுசெய்தன.

இதை நான் நேர்காணலில் சொல்ல நேர்ந்தது. “இரண்டாண்டுப் படிப்புக்கு மூன்றாண்டு ஏன்?” என்று ஒரு பேராசிரியர் கேட்டார். இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இரண்டு ஆண்டில் முடித்திருந்தால்தான் கட்டுப்பாட்டுக்குச் சான்று என்று எண்ணி, அதிக ஆண்டு எடுத்தவர்கள் அதை மறைக்க முயல்வதைப் பார்க்கிறேன். எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. முழுநேர வேலையோடு வாரம் 23 மணி நேரம் என்பது சிலருக்கு முடியும். ஆனால் கேட்பவருக்கு உடனே ஐயம் எழும் எண் அது. மூன்று ஆண்டு என்பதும், எந்தத் தாளை எந்தப் பருவத்தில் எழுதினோம் என்பதும் நம்பக்கூடிய எண்கள்.

இனி, கசப்பான பகுதி. இந்த 2400 மணி நேரத்தைச் செலவிடாமலும் பட்டம் வாங்க முடியும் என்பது தேர்வுக் குழுவுக்குத் தெரியும். தொலைநிலையில் இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடு. ஒப்படைவு உள்ளிட்ட தொடர் மதிப்பீட்டுக்கு 30. எழுதி முடித்த ஒப்படைவுகள் விலைக்குக் கிடைக்கின்றன. கையெழுத்தில் நகலெடுத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். ஐந்தாண்டு வினாத்தாள்களைத் தொகுத்து, இருபது கேள்விகளை உருப்போட்டுத் தேறுவதும் நடக்கிறது. இதையெல்லாம் செய்தவரும் ‘வேலை பார்த்துக்கொண்டே படித்தேன்’ என்றுதான் எழுதுவார். வாக்கியத்தில் வேறுபாடே தெரியாது.

மதிப்பெண் பட்டியலில் தெரியும். தொடர் மதிப்பீட்டையும் தேர்வையும் தனித்தனியே காட்டும் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நான்கு தாள்களில் ஒப்படைவுக்கு முப்பதுக்கு 27, 28, 28, 27; தேர்வில் எழுபதுக்கு 29, 31, 28, 30 என்றால், வீட்டில் அவ்வளவு நன்றாக எழுதிய கை தேர்வறையில் எங்கே போயிற்று என்ற கேள்வி வரும். அதற்கு நேர்மையான விடைகளும் உண்டு. இரவுப் பணி முடித்து நேராகத் தேர்வெழுத வந்தவரை எனக்குத் தெரியும். ஆனால் அந்த விடையை விண்ணப்பதாரர்தான் சொல்லவேண்டும். குழு தானாகக் கண்டுபிடிக்காது. மாறாக, ஒப்படைவில் 21, தேர்வில் 45 என்றிருப்பவர் தம் ஒப்படைவைத் தாமே எழுதியிருக்கிறார் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

மொழியியலுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒலியியலைத் தாளில் கற்க முடியாது. நாவளை ஒலிக்கும் நுனிநா ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூல் படத்தோடு விளக்கும். ஆனால் நாம் கேட்டு எழுதியது சரியா என்று திருத்த ஒருவர் வேண்டும். வளாகத்தில் படிப்பவருக்கு வாரந்தோறும் அது கிடைக்கிறது. நமக்கு ஆண்டுக்கு ஒருமுறை நேர்முக வகுப்பில், நாற்பது பேருக்கு நடுவே. இந்தக் குறையை மறைக்கவேண்டியதில்லை. அதற்கு என்ன செய்தோம் என்பதைச் சொன்னால் போதும்.

நான் செய்தது சிறியது. தொழிற்கூடத்தில் பொதி கட்டும் பெண்களில் பலர் இரண்டு மூன்று தலைமுறையாக மைசூரில் வாழும் தமிழர்கள். அவர்கள் பேச்சில் கன்னடச் சொற்கள் எப்படி நுழைகின்றன என்பதைச் சரக்குப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துவந்தேன், அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான். தேதி, சொன்னவரின் வயது, வாக்கியம், பேசிய சூழல். “கொஞ்சம் சஹாய பண்ணுக்கா” என்பார்கள். கன்னடத்தில் ‘சஹாய மாடு’. பெயர்ச்சொல் அப்படியே வருகிறது. ‘மாடு’ என்ற வினை வரவில்லை. அந்த இடத்தில் தமிழின் ‘பண்ணு’ நிற்கிறது. ஆங்கிலச் சொல்லோடு ‘பண்ணு’ சேர்வது எல்லாரும் அறிந்தது. இனமொழியான கன்னடத்திலிருந்து எடுக்கும்போதும் அதே வழிதானா, கன்னட வினையடி நேராகத் தமிழ் விகுதி ஏற்பது உண்டா என்பதுதான் என் கேள்வி. மூன்று ஆண்டில் 140 வாக்கியம் சேர்ந்தது. பெரிய தரவு என்று சொல்லமாட்டேன். ஆனால் நேர்காணலில் என்னிடம் இருபது நிமிடம் கேட்டது அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான். வேலை பார்த்ததும் படித்ததும் ஒரே தாளில் தேதியோடு இருந்தது. ‘டிசிப்ளின்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கட்டுப்பாடு என்றும் அறிவுத்துறை என்றும் இரு பொருள் இருப்பதை அன்று நினைத்துக்கொண்டேன். குழு இரண்டாவது பொருளைத்தான் தேடுகிறது. முதலாவது அதற்குள் தானாகவே தெரிகிறது.

எனவே தம்பியின் பத்தியை இப்படி மாற்றச் சொன்னேன். முதல் வாக்கியம்: எந்த ஆண்டு, எந்த மாதம் சேர்ந்தேன், எப்போது முடித்தேன், தொலைநிலைமுறை. இரண்டாவது: அந்தக் காலத்தில் என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். மூன்றாவது: எந்தப் பருவத்தில் ஏன் இடைவெளி விழுந்தது. அவருக்கு ஒரு பருவம் விடுபட்டிருந்தது. தந்தையின் அறுவைச் சிகிச்சை. நான்காவது: இந்தக் காலத்தில் செய்து முடித்த ஒரு வேலை, காட்டக்கூடியது. அவர் தம் ஊர் நெசவாளர் கலைச்சொற்களைத் தொகுத்து வைத்திருக்கிறார். கடிதத்தில் அதைக் குறிப்பிடவே இல்லை! “அது சும்மா எனக்காகப் பண்ணது, அக்கா” என்றார். ‘கட்டுப்பாடு’, ‘விடாமுயற்சி’ இரண்டையும் நீக்கச் சொன்னேன். பத்தி பழையதைவிட இரண்டு வரி மட்டுமே நீண்டது.

இவ்வளவும் செய்தாலும் ஒன்று முன்நிபந்தனை. நாம் சேர்ந்த ஆண்டில், நாம் சேர்ந்த பாடத்துக்கு, அந்த நிறுவனத்துக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் இருந்திருக்கவேண்டும். இங்கே மைசூரில் நடந்ததை யாரும் எளிதில் மறக்கமாட்டார்கள். கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2012-13-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று மானியக் குழு 2015 ஜூனில் அறிவித்தது. மாநில எல்லைக்கு வெளியே தனியார் மையங்கள் வழியாகப் பாடங்கள் நடத்தியது முதன்மையான காரணம். 2018-இல்தான், 2018-19 கல்வியாண்டு முதலான சேர்க்கைக்கு, அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்தவர்களில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து படித்தவர்கள் எத்தனை பேரோ. அவர்களுடைய 2400 மணி நேரம் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் அதை எடுத்துக்காட்ட அவர்களால் முடியவில்லை.

அங்கீகாரம் இருந்தால் சட்டப்படி நிலை தெளிவானது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலைப் பட்டம், வளாகத்தில் படித்துப் பெறும் பட்டத்துக்கு இணையானது என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவுபடுத்தியது. எனவே கடிதத்தில் இணை என்று வாதாட ஒரு வரியையும் செலவிடவேண்டாம். சேர்ந்த ஆண்டுக்கான அங்கீகாரப் பட்டியலின் பக்கத்தை அச்செடுத்து, சான்றிதழின் இருபக்க நகலோடு இணைத்தால் போதும்.

வேலையை விடாமல் முனைவர் பட்டமும் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தொலைநிலையில் முனைவர் பட்டம் கிடையாது, பகுதிநேரம் உண்டு. 2022 நவம்பரில் வந்த விதிமுறைகளின்படி, பகுதிநேர ஆய்வாளர் தம் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று தரவேண்டும். அதில் மூன்று செய்திகள் இருக்கவேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, அலுவலகப் பணி ஆய்வுக்குப் போதிய நேரம் தருகிறது, தேவைப்பட்டால் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். மூன்றாவதுதான் சிக்கல். முதல் இரண்டையும் மேலாளர்கள் எளிதாக எழுதித் தருவார்கள். ‘விடுவிக்கப்படுவார்’ என்று கையெழுத்திடத் தயங்குவார்கள். சேர்க்கை அறிவிப்பு வந்தபின் கேட்டால் காலம் போதாது. இப்போதே கேளுங்கள், பாடநெறி எத்தனை வாரம், எந்த மாதங்களில் என்பதைத் துறை அலுவலகத்தில் விசாரித்து, அதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். என் மேலாளர் முதலில் கேட்டது, “தசரா சீசன்ல வருமா?” என்பதுதான். வராது என்று காட்டியபின் கையெழுத்திட்டார்.